டம்ளர், கைப்பிடி, எலுமிச்சை அளவு: சமையல் வீடியோ சொல்வதைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

வெண்பொங்கல் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் அளவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, அஞ்சு டம்ளர் தண்ணி, ரெண்டு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஒரு குழிக்கரண்டி நெய், ஒரு கைப்பிடி முந்திரி."

இதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு வீட்டு டம்ளரால் அளந்து செய்தால் பொங்கல் நன்றாகக் குழைந்து வரும். ஆனால் உப்பு சப்பென்று இருக்கும், அல்லது கரிக்கும். அரிசியும் பருப்பும் தண்ணீரும் சரியாக அமைந்த அதே சமையலில் உப்பு மட்டும் ஏன் தவறுகிறது என்பது புரிந்துவிட்டால், மற்ற எல்லா வீடியோக்களையும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

ஒரே பட்டியலில் இரண்டு வகை அளவுகள்

மேலே உள்ள பட்டியலில் அரிசி, பருப்பு, தண்ணீர் மூன்றும் ஒரே டம்ளரால் அளக்கப்பட்டவை. அங்கே டம்ளர் எவ்வளவு பெரியது என்பது முக்கியமே இல்லை. ஒன்றுக்கு அரை, ஒன்றுக்கு ஐந்து என்கிற விகிதம்தான் அங்கே அளவு. சின்ன டம்ளரில் செய்தால் கொஞ்சம் பொங்கல், பெரிய டம்ளரில் செய்தால் நிறையப் பொங்கல், பதம் ஒன்றுதான்.

உப்பு, மிளகு, சீரகம், நெய், முந்திரி ஆகியவை டம்ளரைச் சார்ந்தவை அல்ல. அவை ஸ்பூனிலும் கரண்டியிலும் கையிலும் நிற்பவை. டம்ளர் மாறினால் இவை தாமாக மாறாது. வீடியோவில் இருப்பவரின் டம்ளர் 200 மி.லி., உங்களுடையது 300 மி.லி. என்றால் நீங்கள் செய்தது ஒன்றரை மடங்கு பொங்கல். உப்பு மட்டும் அதே இரண்டு ஸ்பூன். அதனால்தான் சப்பென்று ஆகிறது. கோளாறு எப்போதும் இந்த இரண்டு வகைகளும் சந்திக்கும் இடத்தில்தான் வருகிறது.

எனவே செய்ய வேண்டிய முதல் வேலை, பட்டியலில் எது டம்ளர் வகை, எது டம்ளர் சாராத வகை என்று பிரிப்பது. அதன் பிறகு ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டால் போதும்: அவர் கையில் இருக்கிற டம்ளர் எத்தனை மி.லி.?

முதலில் உங்கள் டம்ளர்

அவருடைய டம்ளரைத் தேடும் முன் உங்களுடையதை அளந்துவிடுங்கள். அளவுக் கோப்பை எதுவும் வேண்டாம். மூடி திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, உங்கள் டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றி ஊற்றி எண்ணுங்கள். ஐந்து டம்ளர் வந்தால் 200 மி.லி., நான்கு வந்தால் 250 மி.லி., மூன்றும் கொஞ்சமும் வந்தால் 300 மி.லி. பக்கம். அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்தும் இதையே செய்யலாம். வீட்டில் எடை மெஷின் இருந்தால் இன்னும் எளிது. காலி டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால், காட்டுகிற கிராம்தான் மி.லி.

எவர்சில்வர் டம்ளர்களில் காபி டம்ளர் ஒரு அளவு, தண்ணீர் டம்ளர் வேறு அளவு, சீர்வரிசையில் வந்த டம்ளர் இன்னொரு அளவு. ஒரே அலமாரியிலேயே 120 மி.லி.யிலிருந்து 300 மி.லி. வரை இருக்கும். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி. கடையில் செட்டாகக் கிடைக்கும் அளவுக் கோப்பையில் ஒரு கப் என்பது 240 அல்லது 250 மி.லி. பழைய கணக்கில் ஒரு ஆழாக்கு ஏறக்குறைய 168 மி.லி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் இன்று ஆழாக்கு என்று சொல்லி விற்கிற பாத்திரத்தையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டே நம்ப வேண்டும். அளந்த டம்ளரின் அடியில் மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதிவையுங்கள். இனி சமையலுக்கு அந்த ஒரு டம்ளர்தான்.

அடுத்தது அவருடைய டம்ளர்

இதை வீடியோவிலேயே துப்பறிய வேண்டும். மூன்று தடயங்கள் நன்றாக வேலை செய்யும்.

முதல் தடயம், எத்தனை பேருக்கு என்று அவர் சொல்வது. காலைச் சிற்றுண்டிப் பொங்கலுக்கு ஒரு ஆளுக்கு அரிசியும் பருப்பும் சேர்ந்து ஏறக்குறைய 60 கிராம் வேண்டும். "நாலு பேர் தாராளமா சாப்பிடலாம்" என்று சொன்னால் 240 கிராம். அவர் போட்டது ஒன்றரை டம்ளர் தானியம். டம்ளர் 200 மி.லி. என்றால் ஒன்றரை டம்ளர் என்பது 300 மி.லி. தானியம் ஒரு மி.லி.க்கு 0.8 கிராம் என்று வைத்தால் சரியாக 240 கிராம் வருகிறது. 300 மி.லி. டம்ளராக இருந்திருந்தால் 360 கிராம் வந்திருக்கும், ஆறு பேருக்கான பொங்கல்.

இரண்டாவது தடயம் குக்கர். மூன்று லிட்டர் குக்கரா, ஐந்து லிட்டரா என்று அவரே சொல்லிவிடுவார், அல்லது பார்த்தாலே தெரியும். தண்ணீர் ஊற்றியதும் மட்டம் எங்கே நிற்கிறது என்று வீடியோவை நிறுத்திப் பாருங்கள். 200 மி.லி. டம்ளர் என்றால் தானியமும் தண்ணீரும் சேர்ந்து ஏறக்குறைய 1.2 லிட்டர் இடத்தை அடைக்கும். மூன்று லிட்டர் குக்கரில் அது பாதிக்குக் கீழே நிற்கும். 300 மி.லி. டம்ளர் என்றால் பாதியைத் தாண்டிவிடும். அரிசி, பருப்பு வேகும்போது நுரைத்து எழும்பி வெயிட் துவாரத்தை அடைக்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் அப்படி நிரப்பவும் மாட்டார்கள்.

மூன்றாவது தடயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: பாக்கெட். அதே சேனலின் வேறொரு வீடியோவில் அவர் அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டி அதே டம்ளரில் ஊற்றுவார். அல்லது அரைக் கிலோ ரவை பாக்கெட்டைப் பிரித்து "மூணரை டம்ளர் வந்துச்சு" என்பார். அரை லிட்டர் பால் இரண்டரை டம்ளர் என்றால் டம்ளர் 200 மி.லி. வீட்டுச் சமையல்காரர்கள் டம்ளரை எளிதில் மாற்றுவதில்லை. பழைய வீடியோக்களிலும் அதே டம்ளர்தான் இருக்கும்.

இரண்டு தடயங்கள் ஒரே விடையைத் தந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் டம்ளரை உற்றுப் பாருங்கள். அரிசியை ஆழாக்கால் அளந்துவிட்டு, தண்ணீரைப் பக்கத்தில் இருந்த பெரிய டம்ளரால் ஊற்றிவிட்டு, இரண்டையும் "டம்ளர்" என்றே சொல்பவர்கள் உண்டு. வாய் சொல்வதைவிடக் கை செய்வதுதான் சரியான அளவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரிசியைத் தலைதட்டி அளக்கிறாரா, கோபுரமாக அள்ளுகிறாரா? கோபுரமாக அள்ளினால் தலைதட்டியதைவிட 15 முதல் 25 சதவீதம் வரை கூடும். தண்ணீரைக் கோபுரமாக ஊற்ற முடியாது. ஆகவே "ஒன்றுக்கு ஐந்து" என்று சொன்னாலும் அவர் உண்மையில் ஊற்றியது ஒன்றுக்கு நாலேகால் பக்கமாக இருக்கலாம். உங்கள் பொங்கல் அவருடையதைவிடத் தளர்வாக வந்தால், பெரும்பாலும் காரணம் இந்தக் கோபுரம்தான். அரிசி பழையதா புதியதா என்பதும் உண்டு. பழைய அரிசி கூடுதல் தண்ணீரை இழுக்கும், புது அரிசி சீக்கிரம் குழையும்.

மி.லி. வேறு, கிராம் வேறு

"இது 200 கிராம் டம்ளர்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். தண்ணீருக்கு மட்டும்தான் அது உண்மை. டம்ளர் அளப்பது இடத்தை, எடையை அல்ல. அதே 200 மி.லி. டம்ளரில் தலைதட்டிய பச்சரிசி ஏறக்குறைய 160 கிராம். பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, சர்க்கரை எல்லாம் 165 கிராம் பக்கம். ரவை 140, மைதா 105 கிராம். துருவிய தேங்காயை அழுத்தாமல் நிரப்பினால் 70 முதல் 80 கிராம்தான். எண்ணெயும் நெய்யும் 180 பக்கம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தானியமும் பருப்பும் சர்க்கரையும் என்றால் மி.லி.யை 0.8ஆல் பெருக்குங்கள், மாவு என்றால் பாதி, எண்ணெய் என்றால் பத்தில் ஒன்றைக் கழியுங்கள். மாவில்தான் கவனம் தேவை. தளர்வாகத் தூவி நிரப்பிய மாவுக்கும் டப்பாவுக்குள் டம்ளரை அழுத்தி அள்ளிய மாவுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் வரும். மாவை வீடியோவில் எப்படி அள்ளுகிறாரோ அப்படியே அள்ளி, ஒரு முறை எடை போட்டு, அந்த எண்ணையே வைத்துக்கொள்வது நல்லது.

நம் பொங்கலுக்கு இப்போது பாதிக் கணக்கு முடிந்தது. பச்சரிசி 160 கிராம், பாசிப்பருப்பு 80 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர்.

எந்த ஸ்பூன்?

"ஸ்பூன்" என்ற சொல்லுக்குள் மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அளவுக்கென்றே செய்த டீஸ்பூன் 5 மி.லி. டேபிள்ஸ்பூன் 15 மி.லி. மூன்றாவது, நம் அஞ்சறைப் பெட்டிக்குள் கிடக்கும் குட்டி ஸ்பூன். அது பெரும்பாலும் டீஸ்பூனில் பாதிதான் பிடிக்கும். வீடியோவில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அந்தக் குட்டி ஸ்பூனால் மிளகாய்த் தூளைக் குவித்து எடுத்து "ஒரு ஸ்பூன்" என்பார். பார்ப்பவர் டேபிள்ஸ்பூனால் அதையே போட்டால் ஐந்தாறு மடங்கு காரம் ஏறிவிடும்.

உங்கள் ஸ்பூனை அளக்க இருமல் மருந்து பாட்டிலோடு வரும் மூடி போதும். அதில் 5 மி.லி., 10 மி.லி. கோடுகள் இருக்கும். ஸ்பூனால் தண்ணீரை எடுத்து ஊற்றி, எத்தனை ஸ்பூனில் 10 மி.லி. கோடு வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் அது டீஸ்பூன், நான்கு என்றால் அஞ்சறைப் பெட்டி ஸ்பூன்.

ஸ்பூனில் தலைதட்டுவதா குவிப்பதா என்பது டம்ளரைவிடப் பெரிய விஷயம். டம்ளரின் வாய்மீது நிற்கும் குவியல் மொத்தத்தில் சிறு பங்கு. ஸ்பூனில் குழி ஆழமில்லாததால் குவியலே பாதி. குவித்த ஒரு ஸ்பூன் தூள், தலைதட்டிய ஒன்றரை முதல் இரண்டு ஸ்பூனுக்குச் சமம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம். மஞ்சள்தூள் 3 கிராம், மிளகாய்த்தூள் இரண்டரை கிராம் பக்கம். முழு மிளகு 3 கிராம், சீரகம் 2 கிராம். ஒரு சிட்டிகை என்பது விரல்நுனியில் நிற்பது, உப்பானால் அரைக் கிராமுக்கும் குறைவு.

இவ்வளவு சின்ன எடைகளைச் சாதாரணச் சமையலறை எடை மெஷின் நம்பகமாகக் காட்டாது. இரண்டு, மூன்று கிராமை அது பூஜ்யம் என்றுகூடக் காட்டும். அறிய வேண்டும் என்றால் பத்து ஸ்பூன் போட்டு எடை பார்த்துப் பத்தால் வகுங்கள். அன்றாடத்துக்கு இவற்றை ஸ்பூன் கணக்கிலேயே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை, எந்த ஸ்பூன் என்று தெரிந்தால் போதும்.

உப்பை வைத்துச் சரிபார்ப்பது

இனி இந்தக் கணக்கின் நெஞ்சுப்பகுதி. உப்புக்கு ஒரு பொது விதி இருக்கிறது. உப்புச் சேர்ந்த சோறு வகைகளில், சமைத்து முடித்த உணவின் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் உப்பு இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். ஒரு கிலோவுக்குப் பத்து கிராம். 0.7க்குக் கீழே போனால் சப்பென்று தோன்றும், 1.2ஐத் தாண்டினால் கரிக்கத் தொடங்கும். உப்பில்லாத வெள்ளைச் சோற்றில் பிசைந்து சாப்பிடும் குழம்புக்கு இதைவிடக் கூடுதலாக, ஒன்றரை சதவீதம் வரை வேண்டியிருக்கும். குழம்பின் உப்பு சோற்றுக்கும் சேர்த்துத்தானே.

பொங்கலுக்குப் போட்டுப் பார்ப்போம். அரிசி 160, பருப்பு 80, தண்ணீர் 1000, நெய்யும் முந்திரியும் சேர்ந்து 75. மொத்தம் 1315 கிராம். ஆவியாகப் போவது 50 முதல் 100 கிராம். மீதி ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. ஒரு சதவீதம் என்றால் பன்னிரண்டரை கிராம் உப்பு. தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு 12 கிராம். வீடியோவில் சொன்ன "ரெண்டு ஸ்பூன்" இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. அதாவது உப்பே நான்காவது தடயமாகி, டம்ளர் 200 மி.லி.தான் என்று சாட்சி சொல்கிறது.

இப்போது தவறும் விதத்தையும் பாருங்கள். 300 மி.லி. டம்ளரால் செய்தால் மொத்தம் 1.9 கிலோ வரும். அதில் 12 கிராம் என்பது 0.6 சதவீதம், நிச்சயம் சப்பென்று இருக்கும். 150 மி.லி. காபி டம்ளரால் செய்தால் ஒரு கிலோவுக்கும் குறைவு, உப்பு 1.2 சதவீதத்துக்கு மேல் போய்விடும். முதலில் சொன்ன கோளாறு இதுதான்.

வீடியோவில் "தேவையான அளவு உப்பு" என்று மட்டும் சொல்லியிருந்தாலும் இதே கணக்குதான். போட்ட பொருள்கள், ஊற்றிய தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் உப்பு கிராமில் கிடைக்கும், அந்தக் கிராமை ஆறால் வகுத்தால் டீஸ்பூனில் கிடைக்கும். முதல் முறை அதில் முக்கால் பங்கைப் போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். குறைந்த உப்பைக் கூட்டலாம், கூடியதைக் குறைக்க முடியாது.

கல் உப்பு என்றால் ஸ்பூன் கணக்கு மாறும். பரல்களுக்கு நடுவே காற்று இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவாக நிற்கும். பரல் எவ்வளவு பெரியதோ அவ்வளவு குறையும். எடையால் அளந்தால் கல் உப்பும் தூள் உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வீடியோவில் கல் உப்பை ஸ்பூனால் போட, நீங்கள் தூள் உப்பை அதே ஸ்பூனால் போட்டால் கரிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கைப்பிடி

கை ஆளுக்கு ஆள் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய வேறுபாடு கை எப்படி இருக்கிறது என்பதில் வருகிறது. விரல்களை மூடிப் பிடித்தால் ஒரு கைப்பிடி. உள்ளங்கையைக் குழித்துக் குவித்து அள்ளினால் அது வேறு, ஆனால் வீடியோவில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். நடுத்தரமான கையில் மூடிப் பிடித்த துவரம்பருப்பு 30 முதல் 40 கிராம் வரும். குழித்த கையில் குவித்தால் 50ஐத் தாண்டும்.

உங்கள் கையை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தை எடை மெஷினில் வைத்து, மூடிய கைப்பிடியாக ஐந்து முறை பருப்பைப் போட்டு, மொத்தத்தை ஐந்தால் வகுங்கள். ஒரே ஒரு பிடியை அளந்தால் ஏமாற்றும், ஐந்தின் சராசரி பெரும்பாலும் நிலையாக இருக்கும். குழித்த கையாலும் இதையே செய்து இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். பிறகு வீடியோவில் கை மூடியிருக்கிறதா குழிந்திருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய எண்ணை எடுக்கலாம்.

எதற்கெல்லாம் இந்தச் சிரமம் வேண்டும்? பொங்கலில் முந்திரி கைப்பிடிக்கு 30 கிராம் போட்டாலும் 20 போட்டாலும் பதம் கெடாது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்கீரை இவற்றில் கைப்பிடியில் பாதி காற்றுதான், ஒன்றிரண்டு பிடி கூடினால் பாதகமில்லை. அடைக்கு ஊறவைக்கும் பருப்பு, சாம்பாரைக் கெட்டியாக்கும் பருப்பு, குருமாவுக்கு அரைக்கும் பொட்டுக்கடலை என்று பதத்தைத் தீர்மானிக்கிற பொருளைக் கைப்பிடியில் சொன்னால் மட்டும் எடைக்கு மாற்றுங்கள். இட்லி மாவுக்கு "ஒரு கைப்பிடி கல் உப்பு" என்று சொல்லும் இடத்தில் மட்டும் கையை நம்பவே வேண்டாம், சதவீதக் கணக்குக்குப் போய்விடுங்கள்.

நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு

புளியை இப்படிச் சொல்வதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உருண்டையின் குறுக்களவு கால் பங்கு கூடினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூன்று சென்டிமீட்டர் உருண்டையும் நாலு சென்டிமீட்டர் உருண்டையும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டாவதில் இரண்டு மடங்குக்கு மேல் புளி இருக்கிறது. எலுமிச்சையிலேயே பெரியதும் சிறியதும் உண்டு என்பதால், நாலு பேருக்கான குழம்பு சில நாள் அளவாகவும் சில நாள் பல் கூசும்படியும் வருகிறது.

நெல்லிக்காய் அளவு என்றால் பெருநெல்லி, அரைநெல்லி அல்ல. இறுக்கி உருட்டிய புளியில் அது 12 முதல் 15 கிராம். சிறிய எலுமிச்சை அளவு 25 முதல் 30 கிராம். பெரிய எலுமிச்சை என்று அழுத்திச் சொன்னால் 40 வரை போகலாம். ரசத்துக்கும் சாம்பாருக்கும் நெல்லிக்காய் அளவில் தொடங்குங்கள், காரக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் சிறிய எலுமிச்சை அளவில்.

ஆனால் புளியில் எடையும் பாதி உண்மையைத்தான் சொல்லும். கறுத்த பழம்புளி ஒரு விதமாகப் புளிக்கும், சிவந்த புதுப்புளி வேறு விதமாக. கொட்டையும் நாரும் உள்ள புளியில் எடையில் ஒரு பங்கு வீணாகும். ஆகவே 25 கிராம் புளியை ஊறவைத்து ஒன்றரை டம்ளர் கரைசலாகப் பிழிந்து, அதில் ஒரு டம்ளரை முதலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ருசி பார்த்து மீதியை ஊற்றுவது பாதுகாப்பு. ஒரு கட்டுப் புளி வாங்கினால் அது தீரும் வரை அந்த அளவு செல்லும், அடுத்த கட்டுக்கு மறுபடி ருசி பார்க்க வேண்டும்.

அளவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும்

கிராமுக்கு மாற்றிய பிறகு எட்டுப் பேருக்குச் செய்ய எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கலாம். தண்ணீர் மட்டும் அப்படியே ஒத்துவராது. ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது, அது அரிசி இரட்டித்தால் இரட்டிக்கும். இன்னொரு பகுதி ஆவியாகிறது. அது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்தது அல்ல.

குக்கரில் ஆவி போவது குறைவு என்பதால் வித்தியாசம் சிறியது. இரட்டிப்புப் பொங்கலுக்கு இரண்டு லிட்டருக்குப் பதில் 1.9 லிட்டர் ஊற்றி, குக்கர் கொள்ளுமா என்று மட்டும் பாருங்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்துவைத்துச் செய்யும்போது வித்தியாசம் பெரிது. நாலு பேருக்கான அளவை ஒருவருக்குக் குறைத்து அதே அகலப் பாத்திரத்தில் வைத்தால், கால் பங்கு தண்ணீர் வேகும் முன்பே வற்றி அடிப்பிடிக்கும். அங்கே பாத்திரத்தையும் சிறியதாக்க வேண்டும், அல்லது பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு சேர்த்துவர வேண்டும்.

மாற்றி எழுதிய பொங்கல்

எல்லாக் கணக்கும் முடிந்தபின் அந்த வீடியோவின் வெண்பொங்கல் நோட்டில் இப்படி நிற்கும். நாலு பேருக்கு, மூன்று லிட்டர் குக்கரில்:

பச்சரிசி 160 கிராம், தலைதட்டிய 200 மி.லி. டம்ளரில் ஒன்று.
பாசிப்பருப்பு 80 கிராம், அரை டம்ளர்.
தண்ணீர் 1 லிட்டர். கோபுரமாக அளந்திருந்தால் அரிசி 190 கிராம், பருப்பு 95 கிராம், தண்ணீர் அதே 1 லிட்டர்.
தூள் உப்பு 12 கிராம், தலைதட்டிய இரண்டு டீஸ்பூன். முதலில் ஒன்றரை மட்டும்.
மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன்.
நெய் 50 மி.லி. குழிக்கரண்டியைத் தண்ணீர் ஊற்றி அளந்த பிறகு எழுதியது.
முந்திரி 25 முதல் 30 கிராம், மூடிய கைப்பிடி ஒன்று.

முதல் முறை செய்ததும் பக்கத்திலேயே மூன்று விஷயங்களைக் குறித்துவிடுங்கள்: எந்த அரிசி, குக்கரைத் திறந்தபோது பதம் எப்படி இருந்தது, கடைசியில் எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டியிருந்தது. பொங்கல் ஆற ஆற இறுகும் என்பதால் பதத்தைத் திறந்த உடனே பார்க்காமல், நெய்யில் தாளித்துக் கொட்டிக் கிளறிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போது இறுக்கமாக இருந்தால் அடுத்த முறை தண்ணீரை 100 மி.லி. கூட்டுங்கள், கரண்டியில் நிற்காமல் ஓடினால் 100 மி.லி. குறையுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் உப்பையும் ஒன்றாக மாற்றினால், சரியானது எதனால் என்று அடுத்த வாரம் தெரியாது.